மீட்டரில் 19.6, லெப்டொப்பில் சார்ஜ் இல்லை

வரிப்பத்தான்சேனையில் என் வீட்டு முன்விறாந்தையில் ஒரு மேசை கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த காலத்திலிருந்தே அதன்மேல் ஒரு சொல்டர் அயனும் மஞ்சள் நிற மல்டிமீட்டரும் இருக்கும். தெருவில் யாருடைய சார்ஜராவது படுத்துவிட்டால் கடைசியில் அந்த மேசைக்கு வந்து சேரும். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அயல்வீட்டுப் பிள்ளை தன் வாப்பாவோடு லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சேர், புது பெட்டரி போட்டும் சார்ஜ் ஏறுதில்ல. கடையில மீட்டர் வச்சுப் பார்த்துட்டு அடப்டர் நல்லாத்தான் இருக்கு, உள்ள போர்ட்தான் போயிட்டு எண்டு சொல்றாங்க."

வாப்பாவின் முகத்தில் அந்தப் போர்டின் விலை எழுதியிருந்தது. வேளாண்மை வெட்டுக்கு இன்னும் நாள் இருந்தது.

நான் என் மீட்டரை எடுத்து அளந்தேன். அடப்டரின் ஒட்டுத்தாளில் 19.5 வோல்ட், 65 வாட் என்று போட்டிருந்தது. மீட்டர் 19.6 காட்டியது. கடைக்காரர் அளந்ததில் பிழையே இல்லை. ஆனாலும் பழுது அடப்டரில்தான் இருந்தது, அதன் வயரில். சரியான வோல்ட்டைக் காட்டும் ஓர் அடப்டர் எப்படிப் பழுதாக இருக்க முடியும் என்பதைப் புரிந்துகொண்டால், வீணாகப் போர்டும் பெட்டரியும் மாற்றுகிற செலவில் பெரும்பகுதி மிஞ்சும். அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

அளக்கிற முறையிலேயே சறுக்குகிறவர்கள் பலர் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்களில் அதிகம் புழங்குவது சிறிய மஞ்சள் மீட்டர். அதன் மூன்று துளைகளில் கீழே உள்ள பொதுத் துளையில் கறுப்பு வயரும், நடுத்துளையில் சிவப்பு வயரும் இருக்க வேண்டும். மேலே 10 அம்பியர் என்று குறித்த துளையில் சிவப்பு வயர் இருக்கும்போது அடப்டரில் தொட்டால், மீட்டர் வெறும் கம்பித்துண்டு போலாகி அடப்டரை ஷோர்ட் பண்ணிவிடும். திருகியை நேரோட்ட வோல்ட் பகுதியில் 200 என்ற எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். 20 என்ற எண்ணில் வைக்கலாம்தானே, அடப்டர் 19.5தானே என்று கேட்பீர்கள். அந்த மீட்டரில் 20 என்ற அளவு 19.99 வரைதான் காட்டும். 20 வோல்ட் அடப்டர்களும் நிறைய உள்ளன. அவற்றை அந்த அளவில் அளந்தால் திரையின் இடது ஓரத்தில் தனியாக ஒரு 1 மட்டும் தெரியும். அது "என் அளவுக்கு மேலே போய்விட்டது" என்ற அடையாளம். அதை ஒரு வோல்ட் என்று வாசித்து நல்ல அடப்டரைக் குப்பையில் போட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். இன்னொன்று, மீட்டரின் ஒன்பது வோல்ட் பெட்டரி இறங்கிவிட்டால் அதன் கணக்கே பிசகிவிடும், பெரும்பாலும் கூட்டித்தான் காட்டும். 19.5 அடப்டர் 23 காட்டினால் முதலில் மீட்டரின் பெட்டரியைச் சந்தேகியுங்கள்.

உருளை வடிவ முனையில் வெளிச்சுவர் மறை, உட்சுவர் நேர். சிவப்பு முள்ளை உள்ளே விட்டு, கறுப்பு முள்ளை வெளிச்சுவரில் தொட வேண்டும். சில முனைகளின் நடுவே தையல் ஊசி போல மெல்லிய முள் ஒன்று இருக்கும். அதைத்தான் நேர் முனை என்று பலர் நினைக்கிறார்கள். டெல், எச்பி போன்ற கம்பனிகளின் பல அடப்டர்களில் அது மின்சாரம் சுமக்கும் முள்ளே அல்ல. அதில் வரும் எண்ணை வைத்து அடப்டரின் நலத்தைத் தீர்மானிக்க முடியாது. சிவப்பு முள் வழுக்கி இரண்டு சுவர்களையும் ஒன்றாகத் தொட்டால் ஒரு பொறி பறக்கும், அடப்டரின் விளக்கு அணைந்துவிடும். பெரும்பாலும் அது தன்னைக் காத்துக்கொள்ள நின்றிருக்கும். சுவர்ப் பிளக்கைக் கழற்றி ஒரு நிமிடம் விட்டுப் போட்டால் மீண்டும் எழும்பும்.

ஒட்டுத்தாளில் உள்ள எண்ணுக்கு ஐந்து விழுக்காடு கூடக் குறைய இருந்தால் ஏற்கலாம். 19.5க்கு அது 18.5 முதல் 20.5 வரை. சுத்தமாகப் பூச்சியம் என்றால் அடப்டர் செத்திருக்க வேண்டும், அல்லது வயர் முழுதாக அறுந்திருக்க வேண்டும். எண் ஓரிடத்தில் நிற்காமல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால், பெட்டிக்குள் உள்ள சுற்று எழும்பப் பார்த்து முடியாமல் திரும்பத் திரும்ப விழுகிறது. இந்த மூன்றும் இலகுவான வழக்குகள். கடினமானது நான்காவது: எண் சரியாக இருக்கிறது, சார்ஜ் ஏறவில்லை.

மீட்டர் மிகமிகக் குறைந்த மின்சாரத்தையே குடிக்கிறது. வயலுக்கு வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க, ஒரு விரலை நனைத்துப் பார்ப்பது போன்றது அது. வாய்க்கால் ஓரிடத்தில் மண்ணடைத்து ஒரு விரல் அகலத்துக்குச் சுருங்கியிருந்தாலும் நம் விரல் நனையும். ஆனால் இறக்காமம் குளத்துத் தண்ணீரை நம்பி முழு வயலுக்கும் பாய்ச்சப் போனால்தான் அடைப்புத் தெரியும்.

மின்சாரத்தில் அந்த அடைப்பின் பெயர் தடை. தடையில் இழக்கும் வோல்ட், ஓடும் அம்பியரைப் பொறுத்தது. ஓட்டத்தைத் தடையால் பெருக்கினால் இழப்பு. வயரில் எங்கோ ஓரிடத்தில் ஒரு ஓம் தடை முளைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் குடிக்கும் ஓட்டம் ஏறத்தாழ ஒன்றுமில்லை, ஆகவே இழப்பும் ஒன்றுமில்லை. மீட்டர் 19.6 என்று உண்மையைத்தான் சொல்கிறது. லெப்டொப் மூன்று அம்பியர் கேட்கும்போது அதே இடத்தில் மூன்று வோல்ட் மறைந்துபோகும். லெப்டொப்புக்குப் போய்ச் சேர்வது 16.6தான்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. ஒரு பல்புக்கு வோல்ட் குறைந்தால் அது மங்கி, குறைவாகக் குடிக்கும். லெப்டொப் அப்படியல்ல. அதற்குத் தேவை குறிப்பிட்ட அளவு வாட். வோல்ட் குறைந்தால் அதை ஈடுகட்ட இன்னும் கூடுதலான அம்பியரை இழுக்கும். கூடுதலாக இழுத்தால் அந்தப் பழுதான இடத்தில் இன்னும் கூடுதலான வோல்ட் தொலையும். வோல்ட் ஓர் எல்லைக்குக் கீழே விழுந்ததும், "அடப்டரைக் கழற்றிவிட்டார்கள்" என்று லெப்டொப் முடிவுகட்டி பெட்டரிக்கு மாறிவிடும். மாறிய கணத்தில் வயரில் ஓட்டம் நின்றுவிடுகிறது. ஓட்டம் நின்றால் இழப்பும் இல்லை. வோல்ட் உடனே 19.6க்குத் துள்ளி எழும்பும். "அடப்டரை மாட்டிவிட்டார்கள்" என்று லெப்டொப் திரும்ப இழுக்கத் தொடங்கும். மறுபடி விழும். திரையின் வெளிச்சம் கூடிக்கூடிக் குறைவதும், சார்ஜ் அடையாளம் வந்துவந்து போவதும் இதனால்தான். பார்க்கிறவருக்கு போர்ட் பைத்தியம் பிடித்தது போலத் தெரியும்.

விண்டோஸ் உள்ள லெப்டொப் என்றால் இந்த ஆட்டம் தன் தடத்தை விட்டுச் செல்லும். கட்டளைத் திரையைத் திறந்து இதை அடித்தால் போதும்:

```
powercfg /batteryreport
```

`battery-report.html` என்று ஒரு கோப்பு உருவாகும். எங்கே சேமித்தது என்பதை அந்தத் திரையே சொல்லும். அதில் `Recent usage` என்ற அட்டவணையில் `SOURCE` என்ற நிரலைப் பாருங்கள். அந்தப் பிள்ளையின் அறிக்கையில், முதல் நாள் இஷாவுக்குப் பிறகு மேசையில் அசையாமல் இருந்து படித்த ஒன்றரை மணி நேரத்துக்குள் `AC`, `Battery`, `AC`, `Battery` என்று வரிசை நீண்டு கிடந்தது.

"மகள், இந்த நேரத்தில சார்ஜரைக் கழட்டிக் கழட்டிப் போட்டீங்களா?"

"இல்ல சேர், தொடவே இல்ல."

அப்போதே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. மிச்சத்தை அறிய அடப்டருக்கு உண்மையான சுமை ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

அதற்கு நான் பாவிப்பது வாகனங்களின் பிரேக் விளக்கில் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்புகள் இரண்டு. ட்ராக்டர் கராஜில் சும்மா கேட்டாலே கொடுப்பார்கள். ஒன்று 12 வோல்ட்டுக்கானது, ஆகவே இரண்டைத் தொடராக இணைத்தால் 24 வரை தாங்கும். 19.5 வோல்ட்டில் ஏறத்தாழ ஒன்றரை அம்பியர் குடிக்கும். அதாவது 65 வாட் அடப்டருக்குக் கிட்டத்தட்டப் பாதிச் சுமை. முனையில் கொழுவுவதற்கு, பழைய லெப்டொப் ஒன்றிலிருந்து கழற்றிய அதே வகைச் சார்ஜ் துளையை வயரோடு எடுத்து வைத்திருக்கிறேன். குளிர்ந்திருக்கும் இழை முதல் கணத்தில் மிகக் கூடுதலாக இழுக்கும் என்பதால் அடப்டர் ஓரிரு தடவை தும்மிவிட்டுத்தான் எழும்பும். அதைப் பழுதென்று எண்ண வேண்டாம். பல்புகளைக் கொழுவிவிட்டு அதற்குப் பிறகு சுவர்ச் சுவிட்சைப் போடுவது நல்லது. பல்பு கையைச் சுடும், ஆகவே பிளாஸ்டிக் மேசைவிரிப்பின் மேல் வைக்கக் கூடாது.

பல்புகள் எரிந்தன. எரிந்தபடியே துளையின் வயர்களில் மீட்டரை வைத்தேன்: 17.9.

இனிக் கணக்கு. சுமையில்லாமல் 19.6, சுமையோடு 17.9. இழப்பு 1.7 வோல்ட். நல்ல வயரிலும் கொஞ்சம் இழப்பு இருக்கும். அடப்டரிலிருந்து முனை வரை ஏறத்தாழ 1.8 மீட்டர், போக வர 3.6 மீட்டர் செம்பு. அதன் தடை 0.08 ஓம் அளவில் வரும். ஒன்றரை அம்பியரில் அது 0.12 வோல்ட்தான். மிச்சம் ஏறத்தாழ 1.6 வோல்ட் எங்கோ களவு போகிறது. 1.6ஐ 1.5ஆல் வகுத்தால் ஒரு ஓமுக்குச் சற்று மேலே. கூடவே இன்னொரு பெருக்கல்: 1.6 வோல்ட்டும் 1.5 அம்பியரும் சேர்ந்தால் 2.4 வாட். அந்த வெப்பம் அடப்டர் பெட்டியில் பரவவில்லை, வயரில் ஒரு மணியளவு இடத்தில் குவிகிறது. லெப்டொப் மூன்று அம்பியர் இழுக்கும்போது அதே புள்ளியில் ஒன்பது வாட் கிட்ட வரும். சிறிய சொல்டர் அயன்களே 15, 20 வாட்தான் என்று நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு என்பது புரியும்.

ஆகவே அந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கையே போதும். பல்புகளை எரியவிட்டு ஐந்து நிமிடம் கழித்து, அடப்டர் பெட்டியிலிருந்து தொடங்கி முனை வரை வயரை விரல்களுக்கிடையே மெதுவாக நகர்த்திக்கொண்டு போனேன். முனைக்கு இரண்டு விரற்கடை பின்னால் ஓரிடம் சுட்டது. மற்ற எல்லா இடமும் குளிர்ந்தே இருந்தது.

அது வயரா, முனையா, துளையா என்று பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. இதை அவசரப்படாமல் செய்ய வேண்டும். ஒரு கையால் முனையைத் துளையோடு சேர்த்து இம்மியும் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகையால் வயரை மட்டும் வளைக்க வேண்டும். பல்பு மினுங்கினால் வயரில் பழுது. அடுத்து வயரை அசையாமல் பிடித்துக்கொண்டு முனையை மட்டும் துளைக்குள் ஆட்ட வேண்டும். இப்போது மினுங்கினால் தொடுகையில் பழுது. அது முனையிலா துளையிலா என்பது, இன்னொரு நல்ல அடப்டரை அதே துளையில் போட்டு ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இதைப் பல்பு வைத்துத்தான் செய்ய வேண்டும். லெப்டொப்பில் பெட்டரி இருப்பதால் சின்னத் தடங்கல்களை அது மறைத்துவிடும். பல்பு எதையும் மறைக்காது. அந்தப் பிள்ளையின் வயரை வளைத்தபோது பல்புகள் மங்கின, பிரகாசித்தன, மங்கின. முனையை ஆட்டியபோது ஒன்றும் நடக்கவில்லை. வாப்பா கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

"அப்ப போர்ட் நல்லம்தானா?"

"போர்டைத் தொட வேணாம்."

வயர் ஏன் எப்போதும் அந்த இரண்டு விரற்கடைக்குள்ளேயே போகிறது? வயருக்குள் ஒரே தடித்த கம்பி இல்லை. தலைமயிரைவிடச் சற்றுத் தடித்த பல செம்பு இழைகள் முறுக்கிக் கிடக்கின்றன. ஒரு கம்பியை வளைக்கும்போது அதன் வெளிப்பக்கம் இழுபடுகிறது, உட்பக்கம் நசுங்குகிறது. கம்பி தடிப்பாக இருக்க இருக்க இழுபாடும் கூடும். மெல்லிய இழைகளாகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்று வழுக்க விட்டால் ஒவ்வோர் இழையும் படும் பாடு மிகவும் குறையும். ஆனால் முனைக்குள் எல்லா இழைகளும் ஈயத்தால் ஒரே கட்டியாக ஒட்டப்பட்டு, மேலே கடினமான பிளாஸ்டிக்கால் வார்க்கப்பட்டிருக்கின்றன. வளையாத பகுதியும் வளையும் பகுதியும் சந்திக்கும் அந்த எல்லையில்தான் வளைவு முழுவதும் விழுகிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைந்தால் செம்பு முதலில் இறுகுகிறது, பிறகு வெடிக்கிறது. அலுமினியக் கம்பியைக் கையால் இங்கும் அங்கும் மடித்து உடைப்பது போலத்தான், இங்கே அதற்குச் சில வருடங்கள் எடுக்கின்றன.

முனைக்குப் பின்னால் கொம்பு போல நீண்டு, நெடுகிலும் வெட்டுக்கள் உள்ள அந்த ரப்பர்க் கழுத்து அழகுக்கு வைத்ததல்ல. வளைவை ஒரு புள்ளியில் விழ விடாமல் ஓர் அகன்ற வில்லாகப் பரப்புவதுதான் அதன் வேலை. அதன் வடிவம் பிழைத்தால் பெரிய கம்பனியும் தப்பாது. அப்பிள் நிறுவனம் 2006இல் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் மெக்சேஃப் சார்ஜரைக் கொண்டுவந்தது. முதலில் வந்த முனையில் வயர் லெப்டொப்பின் பக்கவாட்டிலிருந்து செங்குத்தாக வெளியே நீண்டு நின்றது. முனைக்குக் கிட்ட வயரின் உறை பிரிந்து கிழிகிறது என்று அமெரிக்காவில் பாவனையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2011இல் சமரசமாகி, மாற்றுச் சார்ஜர் வாங்கியவர்களுக்குப் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க அந்த நிறுவனம் உடன்பட்டது. பின்னால் வந்த முனையில் வயர் லெப்டொப்பின் ஓரத்தோடு ஒட்டிச் செல்லும்படி திருப்பப்பட்டிருந்தது. மடியில் வைத்தாலும், கட்டிலில் வைத்தாலும் வயர் இடிபட்டு வளைகிற வாய்ப்பு இதில் குறைவு.

நம் வீடுகளில் வயரைக் கொல்வது வேறொரு பழக்கம். பைக்குள் வைக்கும்போது வயரை அடப்டர் பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டுகிறோம். பெட்டியிலிருந்து வயர் வெளியேறும் கழுத்திலேயே அது செங்கோணமாக மடிகிறது. முதலில் ஒரு சிறிய தளர்ந்த வளையம் விட்டு அதற்குப் பிறகு சுற்றினால் கழுத்து பிழைக்கும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், கரண்ட் வந்த நேரமெல்லாம் ஓடிப்போய்க் கொழுவியதும் வயரைப் பிடித்தே இழுத்துக் கழற்றியதும் எத்தனையோ சார்ஜர்களின் ஆயுளைக் குறைத்தன. வயரைப் பிடித்து இழுத்தால் விசை முழுவதும் இழைகளில் விழும். முனையின் பிளாஸ்டிக் உடலைப் பிடித்து இழுத்தால் இழைகளுக்குத் தெரியவே தெரியாது.

சுட்ட இடத்தை வெட்டிப் பிரித்தேன். வெளியுறையில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே வெள்ளைக் காப்புறை தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. இழைகள் எல்லாமே உடைந்து, நுனிகள் கறுத்துக் கிடந்தன. இங்கே ஒரு நுட்பம். பாதி இழைகள் அறுந்தாலும் அந்தச் சிறிய நீளத்தில் தடை பெரிதாகக் கூடாது, மிச்ச இழைகளே சமாளித்துவிடும். உண்மையான தடை வருவது, எல்லாம் அறுந்த பிறகும் உடைந்த நுனிகள் உறைக்குள் ஒன்றையொன்று இலேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும்போதுதான். ஆகவே பழுது மெல்ல மெல்ல வளர்ந்தாலும், வெளியே தெரிவது திடீரென்று ஒருநாள்தான். பழுதான அன்று யாரும் வயரை இழுத்திருக்கவே மாட்டார்கள்.

முனைகளின் தேய்மானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டோர்ச் அடித்து, முடிந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து முனைக்குள்ளே பாருங்கள். உட்சுவரில் கறுப்பு அல்லது பழுப்பு வளையம் இருந்தால் அங்கே பொறி பறந்திருக்கிறது. பிளாஸ்டிக் ஓரம் உருகி வட்டம் கோணியிருந்தால் சூடு நீண்ட நாள் இருந்திருக்கிறது. முனையைக் கொழுவும்போது முன்பிருந்த இறுக்கம் இல்லாமல் தளதளவென்று போனால், உள்ளே அழுத்திப் பிடிக்கும் மெல்லிய தகடு தன் விறைப்பை இழந்துவிட்டது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் கடலோரத்து வீடுகளிலிருந்து வருகிறவற்றில் பச்சை படிவதையும் காண்பேன். அது உப்புக் காற்றின் வேலை. உட்புறத்தில் உள்ள எங்கள் ஊரில் அது குறைவு. துடைப்பதற்கு ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சி போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. மேலே உள்ள மெல்லிய நிக்கல் பூச்சு போய், சில மாதங்களில் முன்னைவிட மோசமாகக் கறுக்கும்.

நடுவில் உள்ள அந்த ஊசிக்கு இப்போது வருகிறேன். டெல், எச்பி போன்ற கம்பனிகளின் பல அடப்டர்களில் அந்த ஊசியின் வழியாகத்தான் லெப்டொப் "நீ யார், எத்தனை வாட்?" என்று கேட்கிறது. டெல் அடப்டருக்குள் அதற்குப் பதில் சொல்லவே ஒரு சிறிய நினைவகச் சில்லு இருக்கிறது. அந்தப் பதில் வராவிட்டால் லெப்டொப் எச்சரிக்கையாகி, பெட்டரிக்குச் சார்ஜ் கொடுக்காமல் தானும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். ஊசிக்குப் போகும் வயர் மூன்றிலும் மெல்லியது, ஆகவே பெரும்பாலும் முதலில் அறுவது அதுதான். அப்போது சுமையில்லாமலும் 19.5 இருக்கும், பல்புகளும் முழு வெளிச்சத்தில் எரியும், ஆனாலும் சார்ஜ் ஏறாது. பல்புச் சோதனைக்கு இந்த ஒரு பழுது பிடிபடாது. ஊசி வளைந்தாலும் இதே கதைதான். நிமிர்த்தப் பார்த்தால் பெரும்பாலும் முறிந்துவிடும்.

பெட்டியே பழுதாவதும் உண்டு. அதற்குள் வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட் நேராக்கப்பட்டு ஏறத்தாழ 325 வோல்ட்டாக ஒரு கொள்ளளவியில் தேங்குகிறது. பிறகு ஒரு நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டப்பட்டு, சிறிய மின்மாற்றி வழியாக இறங்கி 19.5 ஆகிறது. கொள்ளளவிகளுக்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல வற்றும். சூடு பத்துப் பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். தலையணைக்குக் கீழே கிடக்கும் அடப்டருக்கு அது இலகுவாக நடக்கும். பல்புகளைக் கொழுவியதும் அடப்டரின் விளக்கு சிமிட்டிச் சிமிட்டி எழும்பவே முடியாமல் போனால், வயரை எங்கே வளைத்தாலும் மாற்றம் இல்லையென்றால், பழுது பெட்டிக்குள். பல்பு நன்றாக எரிந்து, லெப்டொப்பில் கொழுவியதும் மட்டும் விளக்கு அணைந்தால், அப்போது போர்டைச் சந்தேகிக்கலாம். பெட்டியைப் பிளக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தக் கொள்ளளவி பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்னேற்றத்தை வைத்திருக்கும், ஒட்டி மூடிய கூட்டைத் திறந்தால் பழையபடி பத்திரமாக மூடவும் முடியாது.

சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் வயரையும் மறந்துவிடக் கூடாது. 2014இல் எச்பி, எல்எஸ்-15 என்று முனையில் அச்சிட்ட வயர்களைத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும் அவை ஏறத்தாழ 60 இலட்சம். சூடாகி உருகியதாகவும் கருகியதாகவும் வந்த முறைப்பாடுகளே காரணம். அந்த வயர் கழற்றி மாட்டக் கூடியது, விலையும் குறைவு. அதைச் சுற்றி டேப் ஒட்டிப் பாவிப்பதில் எந்த நியாயமும் இல்லை.

புதிய லெப்டொப்புகளின் யுஎஸ்பி-சி சார்ஜருக்கு மேலே சொன்ன அளவீடு பொருந்தாது. வெறும் முனையில் மீட்டரை வைத்தால் பூச்சியம் காட்டும். மறுபக்கத்தில் ஒரு கருவி இருப்பதை உணர்ந்த பிறகுதான் அது 5 வோல்ட்டைத் திறக்கும், கேட்டால்தான் 20 வரை ஏறும். அதற்கென்று நடுவில் கொழுவும் சிறிய அளவுமானி கிடைக்கிறது. சார்ஜ் ஏறும்போதே வோல்ட்டையும் அம்பியரையும் அது காட்டும்.

அந்தப் பிள்ளையின் அடப்டருக்கு முனையோடு வார்த்த புது வயர் ஒன்றை வாங்கி வரச் சொன்னேன். வாங்கும்போது முனையின் வெளிவிட்டத்தையும், நடு ஊசி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 4.5 மில்லிமீட்டர் முனைக்கும் 7.4 மில்லிமீட்டர் முனைக்கும் கடைக்காரர் ஒரே பெயர்தான் சொல்வார். பழைய வயரைப் பெட்டியின் கழுத்திலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டி, மூன்று வயர்களையும் ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளித் தள்ளி ஈயம் வைத்து இணைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டேன். பல்புகளைக் கொழுவி அளந்தபோது 19.4. இழப்பு 0.2 வோல்ட். கணக்கோடு பொருந்தியது.

ஆனால் லெப்டொப்பில் கொழுவியதும் அடப்டரை அடையாளங்காண முடியவில்லை என்ற எச்சரிக்கை வந்தது. பிள்ளையின் முகம் வாடிவிட்டது. இணைப்பை மறுபடி பிரித்துப் பார்த்தேன். ஊசிக்குப் போகும் மெல்லிய இழைகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு ஒன்று இருந்தது. ஈயம் அதன் மேல் படிந்திருந்தது, உள்ளே ஒட்டவில்லை. கத்தி நுனியால் சுரண்டி, மீண்டும் ஈயம் வைத்தேன். எச்சரிக்கை மறைந்து சார்ஜ் அடையாளம் வந்தது.

இரண்டு நாள் கழித்து அதே கட்டளையை அடித்து அறிக்கையை எடுத்துவரச் சொன்னேன். மஃரிபுக்குப் பிறகு திரையைத் திறந்து காட்டினார். முந்திய இரவு அவர் படித்த மூன்று மணித்தியாலத்துக்கும் `SOURCE` நிரலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: `AC`.